இரண்டே கால் மணி நேரக் கூட்டமும் மூன்று வரி மின்னஞ்சலும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரந்தோறும் நடக்கும் உற்பத்திக் கூட்டத்தின் முடிவை அதிகம் தேடுகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள்தான். கட்டிங் மாஸ்டரால் மேசையை விட்டு நகர முடியாது. கணக்குப் பிரிவில் இருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஷிப்பிங் பார்ப்பவர் தூத்துக்குடி ஏஜென்டோடு போனில் இருப்பார். முதலாளி பையரைப் பார்க்க வெளிநாடு போயிருப்பார். கூட்டம் முடிந்து கதவு திறந்த கணத்திலிருந்து உள்ளே இருந்தவர்களின் போன்கள் அடிக்கத் தொடங்கும். "என்னங்ணா, நேவி என்னாச்சுங்ணா?" என்று ஒருவர் கேட்பார். "தேதி மாறுதுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்பார் இன்னொருவர்.

அத மட்டும் சொல்லுங்க என்கிற அந்தக் கோரிக்கைக்குப் பதிலாகத்தான் மூன்று வரி மின்னஞ்சல் என்ற பழக்கம் பல அலுவலகங்களில் வந்திருக்கிறது. முதல் வரி, என்ன முடிவாயிற்று. இரண்டாவது வரி, யார் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும். மூன்றாவது வரி, எது இன்னும் முடிவாகவில்லை, அதை யார் எப்போது முடிவு செய்வார். வரி என்று சொன்னாலும் போன் திரையில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரியாக மடிந்துதான் விழும். மொத்தம் எழுபது, எண்பது சொற்களுக்குள் நிற்க வேண்டும் என்பதே விதி. பார்த்தால் எளிது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுத உட்காரும்போதுதான் தெரியும், இரண்டு மணி நேரம் பேசியதில் உண்மையில் எத்தனை முடிவுகள் இருந்தன என்பது.

ஒரு கூட்டத்தை முழுதாக எடுத்துப் பார்த்துவிடலாம். எண்களும் தேதிகளும் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சிக்கல் மட்டும் அந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல.

ஆர்டர் 24,000 டி-ஷர்ட். வெள்ளை, கிரே, நேவி என்று மூன்று நிறங்கள், நிறத்துக்கு 8,000. ஒரு பீஸுக்கு வெட்டுக் கழிவோடு சேர்த்து சுமார் 200 கிராம் துணி என்றால் நேவிக்கு மட்டும் 1,600 கிலோ வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து வந்ததில் 1,000 கிலோ சரியாக இருக்கிறது. மீதி 600 கிலோவில் ஷேடு தப்பியிருக்கிறது. அதாவது 3,000 பீஸ். தூத்துக்குடியில் பையர் நியமித்த ஃபார்வர்டரின் கிடங்கில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய நாள் ஜூன் 26, வியாழன். கூட்டம் ஜூன் 2, திங்கள், மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தே கால் வரை நடந்தது.

அந்த இரண்டே கால் மணி நேரத்தில் அதிக நேரத்தைத் தின்றது லைட் பாக்ஸ். துணியின் நிறத்தை அளவான வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் பெட்டி அது. பகல் வெளிச்ச விளக்கில் பார்த்தால் பையர் ஒப்புதல் தந்த லேப் டிப்போடு துணி ஒத்துப்போகிறது. கடை வெளிச்ச விளக்குக்கு மாற்றினால் லேசாகச் சிவப்படிக்கிறது. ஒப்புதல் வாங்கும்போது பகல் விளக்கில் மட்டும்தான் பார்த்தோம் என்கிறார் டையிங் மேனேஜர். இரண்டு விளக்கிலும் தேற வேண்டும் என்று பையரின் மேனுவலிலேயே இருக்கிறது என்கிறார் குவாலிட்டி பார்ப்பவர். இது மட்டும் நாற்பது நிமிடம். அப்புறம், மறுபடி சாயம் போடும் செலவு யார் தலையில் என்ற பேச்சு அரை மணி நேரம். அதில் முடிவு எதுவும் வரவில்லை. துணி நேரத்துக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று கொஞ்ச நேரம். கடைசியில், மூன்று நிறத்தையும் சேர்த்து வெட்டத் திட்டமிட்டிருந்ததை மாற்றி வெள்ளையையும் கிரேயையும் நாளைக் காலையே வெட்டத் தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இதைக் குறிப்பெடுக்கிற பொறுப்பு வழக்கம்போல இளைய மெர்ச்சண்டைசருக்கு. பழைய பாணியில் அவர் மறுநாள் மதியம் இரண்டு பக்க மினிட்ஸ் அனுப்புவார். அதில் லைட் பாக்ஸ் பற்றி முக்கால் பக்கம் இருக்கும். செலவு பற்றி 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று ஒரு பத்தி இருக்கும். வெள்ளையும் கிரேயும் வெட்டுவது இரண்டாம் பக்கத்தின் அடியில் அரை வரியாக இருக்கும். அதைப் படிக்க வேண்டிய கட்டிங் மாஸ்டர் அந்த இடம் வரை வரமாட்டார். அவருக்கு அந்தக் கடிதம் கிடைக்கும்போது செவ்வாய்க்கிழமைக் காலையே போய்விட்டிருக்கும்.

மூன்று வரிக் கடிதம் எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். கூட்டத்தில் எதற்கு அதிக நேரம் போனதோ, அதுவே முக்கியம் என்று கை தானாக எழுதிவிடுகிறது. உள்ளே இருந்தவருக்கு நினைவில் நிற்பது சண்டை. வெளியே இருப்பவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சண்டையே இல்லாமல் முடிந்த விஷயம். ஆகவே எழுதத் தொடங்கும்போது கூட்டத்தின் வரிசையை மறந்துவிட்டு, படிக்கப் போகிறவர்களை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். நாளைக் காலை இந்தக் கடிதத்தால் யாருடைய வேலை மாறப் போகிறது? இந்தக் கூட்டத்தைப் பொறுத்தவரை முதல் ஆள் கட்டிங் மாஸ்டர். அடுத்தது டையிங் மேனேஜர். பிறகு பையரோடு பேச வேண்டிய மூத்த மெர்ச்சண்டைசர், ஷிப்பிங், கணக்கு, முதலாளி. இந்த ஆறு பேரில் யாருக்கும் லைட் பாக்ஸ் விளக்கு பற்றித் தெரிய வேண்டியதில்லை. அது கடிதத்தை விட்டு மொத்தமாக வெளியேறுகிறது.

இப்போது கடிதம் இப்படி வரும்.

தலைப்பு: நேவி 600 கிலோ மறுசாயம், ஜூன் 26 மாறவில்லை

முடிவு: நேவியில் ஷேடு தப்பிய 600 கிலோ மறுசாயத்துக்குப் போகிறது, ஜூன் 26 ஒப்படைப்பு மாறவில்லை, ஜூன் 12 வியாழன் பகல் 12 மணிக்குள் துணி வராவிட்டால் அந்த 3,000 பீஸ் மட்டும் பிறகு தனியாகப் போகும்.

வேலை: கட்டிங் மாஸ்டர், வெள்ளையும் கிரேயும் வெட்டத் தொடக்கம், ஜூன் 3 செவ்வாய் காலை 9. மூத்த மெர்ச்சண்டைசர், தனியாக அனுப்ப பையரின் எழுத்துச் சம்மதம், ஜூன் 6 வெள்ளி மாலை 6. டையிங் மேனேஜர், 600 கிலோ துணி கட்டிங் பிரிவுக்கு, ஜூன் 12 வியாழன் பகல் 12.

முடிவாகாதது: மறுசாயச் செலவு யாருக்கு என்பது, முதலாளி ஜூன் 9 திங்கள் கூட்டத்தில் சொல்வார்.

இவ்வளவுதான். உண்மையான கடிதத்தில் பதவிக்குப் பதிலாக ஆளின் பெயர் இருக்க வேண்டும். 'டையிங் பிரிவு' என்று எழுதினால் அந்தப் பிரிவில் இருக்கும் நான்கு பேரும் மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

தலைப்பிலிருந்து பார்ப்போம். போனில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். மீதி வெட்டுப்பட்டுவிடும். அந்த இடத்தில் 'ஜூன் 2 உற்பத்திக் கூட்ட மினிட்ஸ்' என்று போடுவது கிடைத்த இடத்தை வீணடிப்பது. முதலாளி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிறார், கடிதத்தைத் திறக்கக்கூட நேரமில்லை என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அவர் போனைச் சட்டைப்பையில் போட்டாலும், தேதி மாறவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வரியில் கவனிக்க வேண்டியது அதன் கடைசிப் பகுதி. மறுசாயம் என்பது ஒரு முடிவு. துணி வராவிட்டால் என்ன என்பது இன்னொரு முடிவு, முன்னதைவிடக் கனமானது. நேரம் தப்பிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும், ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். அப்படி ஒரு நிலை வராமல் இருக்கத்தான் 3,000 பீஸைத் தனியாக அனுப்பலாம் என்று பேசினார்கள். ஷிப்பிங் பார்ப்பவருக்கு இந்த ஒரு துண்டுதான் தேவை. 26-ஆம் தேதி 24,000 பீஸுக்கு இடம் பிடித்து வைப்பதா, 21,000-க்கா என்று 12-ஆம் தேதி மதியம் அவருக்குத் தெரிந்துவிடும். மாற்று ஏற்பாடு இருக்கும் முடிவை மாற்று ஏற்பாடு இல்லாமல் எழுதினால் அது பாதிப் பொய். வரி நீண்டாலும் பரவாயில்லை, அது இருக்க வேண்டும்.

இரண்டாவது வரியில் ஆள், வேலை, நாள் என்ற வரிசையை மாற்றக் கூடாது. தமிழில் செய்கிறவர் பெயரே இல்லாமல் வாக்கியம் சுகமாக நின்றுவிடும். 'பையரிடம் பேச வேண்டும்', 'துணியை விரைந்து பெற வேண்டும்' என்று எழுதினால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், பொறுப்பு மட்டும் யார் மேலும் விழாது. செயப்பாட்டு வினை இன்னும் மோசம். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற சொற்கள் வரும் கடிதத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பெயரை முதலில் எழுதிவிட்டால் இந்தக் குறை தானே போய்விடும், ஏனென்றால் பெயருக்குப் பின்னால் வேலையை எழுதாமல் விட முடியாது.

நாளை எழுதுவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. 'வெள்ளிக்குள்' என்றால் வியாழன் இரவா, வெள்ளி மாலையா? திங்களன்று 'அடுத்த வெள்ளி' என்றால் சிலருக்கு நான்கு நாள், சிலருக்குப் பதினொரு நாள். எண்ணாக 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் இருக்கும் பையருக்கு மே 6. மாதத்தின் பெயர், தேதி, கிழமை, மணி நான்கையும் எழுதினால் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக் கொடுத்துவிடும். ஜூன் 12 புதன் என்று யாராவது அடித்துவிட்டால், படிப்பவர் அங்கேயே நிறுத்திக் கேட்பார், ஏனென்றால் அந்த ஜூன் 12 வியாழன். கிழமை எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை, அது ஒரு சரிபார்ப்பு. வெளிநாட்டில் இருக்கும் முதலாளிக்கோ பையருக்கோ போகிற கடிதமென்றால் 'இந்திய நேரம்' என்ற இரண்டு சொல்லும் வேண்டும்.

பகல் 12 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அது சும்மா போட்ட நேரம் இல்லை. பின்னாலிருந்து எண்ணி வந்தது. 26-ஆம் தேதி தூத்துக்குடியில் இருக்க 25 இரவு லாரி கிளம்ப வேண்டும். அதற்கு முன் 23 திங்கள் பையரின் இறுதி ஆய்வு. 22 ஞாயிறு, ஆகவே 21 சனிக்குள் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடிய வேண்டும். 3,000 பீஸ் தைக்க 16 முதல் 19 வரை. 15 மறுபடி ஞாயிறு. வெட்டு 13 மதியமும் 14-ம். பின்னல் துணி வந்த உடனே வெட்ட முடியாது. ரோலைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கி அளவு போய்விடும். ஆக 12-ஆம் தேதி பகல் 12. அன்று மாலை ஆறு மணிக்குத் துணி வந்தால் வெள்ளிக்கிழமை வெட்டு போய்விடும், மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும். இந்தக் கணக்கு கூட்டத்தில் யாரோ ஒருவர் வாயால் போட்டதுதான். கடிதத்தில் இது வரத் தேவையில்லை. ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் 'ஜூன் 12' என்று மட்டும் எழுதிவிட்டு மணியை விட்டுவிடுவார், டையிங் மேனேஜரும் நியாயமாகவே இரவு எட்டு மணிக்கு வண்டியை அனுப்புவார்.

மூன்றாவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிவாகாததை எழுதுவது கூட்டம் தோற்றுப்போனதைச் சொல்வதுபோல் இருக்கிறது என்பதால் கூச்சம். விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். மறுசாயத்துக்கான பில் வரும். யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாது. முடிவாகிவிட்டது, தனக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் ஏதோ ஒரு தலைப்பில் எழுதிவிடுவார். 'இது இன்னும் முடிவாகவில்லை, 9-ஆம் தேதி சொல்வார்' என்ற தகவல் அவருக்கு ஒரு முடிவைப் போலவே உபயோகமானது. அதுவரை பில்லைத் தொடாமல் வைத்திருப்பார்.

கூட்டத்தில் உண்மையில் முடிவு வந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊர்க் கூட்டங்களில் இது லேசான வேலை இல்லை. "பாத்துக்கலாமுங்க" என்றால் சம்மதமா, மறுப்பா? "சரிங்க" என்று சொன்னவர் செய்வதாக ஒப்புக்கொண்டாரா, பெரியவர் பேச்சை மறுக்கக் கூடாது என்று சொன்னாரா? முதலாளி "ம்" என்றது கேட்டுக்கொண்டதற்கா, அனுமதி தந்ததற்கா? இதற்கு நான் அறிந்த ஒரே மருந்து, எல்லோரும் எழுந்திருக்கும் முன் மூன்று வரியையும் சத்தமாகப் படித்துவிடுவது. படிக்கிறவர் இளையவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் கேட்பதில் யாருக்கும் கௌரவப் பிரச்சினை வராது. "அப்ப துணி 12-ஆம் தேதி பகல் 12-க்கு வந்துருமுன்னு எழுதிக்கட்டுங்களா சார்?" என்று நேராகக் கேட்டால், டையிங் மேனேஜர் ஒன்று "எழுதிக்க தம்பி" என்பார், இல்லாவிட்டால் "பன்னெண்டு கஷ்டம், மூணு மணின்னு போடு" என்பார். இரண்டாவது பதில் வந்தால் கூட்டம் ஐந்து நிமிடம் நீளும். நீளட்டும். அந்த ஐந்து நிமிடம் இப்போது போகாவிட்டால் 12-ஆம் தேதி மாலை போனில் போகும், அப்போது ஐந்து நிமிடத்தில் முடியாது.

இப்படிச் சத்தமாகப் படிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எழுதுகிறவர் கையில் சத்தமில்லாமல் ஒரு அதிகாரம் வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டு பக்க மினிட்ஸில் எல்லோருடைய வாதமும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். மூன்று வரியில் அதற்கு இடமில்லை. எதை முடிவு என்று அவர் எழுதுகிறாரோ அதுதான் முடிவு. தன் பிரிவுக்குச் சாதகமாக ஒரு சொல்லை நகர்த்தினால் போதும். 'ஷேடு தப்பிய 600 கிலோ' என்பதை 'டையிங்கில் கெட்டுப்போன 600 கிலோ' என்று எழுதிப் பாருங்கள். செலவு யாருக்கு என்று மூன்றாவது வரியில் கேட்கிற கேள்விக்கு முதல் வரியே தீர்ப்பு எழுதிவிட்டது. காரணத்தைச் சுட்டும் பெயரடையைக் கடிதத்தில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். எத்தனை கிலோ, என்ன நிறம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நீண்ட கூட்டத்தைச் சில வரிகளில் அறிவிப்பதில் நாம் வாங்கிக்கொள்ளத் தக்க ஒரு மாதிரி மும்பையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழுவில் ஆறு பேர். 2025 ஜூன் 4 முதல் 6 வரை மூன்று நாள் கூடிப் பேசினார்கள். முடிந்ததும் வெளியான தீர்மானம் சொன்ன முக்கியமான சேதி ஒன்றுதான்: ரெப்போ வட்டி 6 சதவீதத்திலிருந்து 5.50 ஆகக் குறைகிறது, உடனே அமலுக்கு வருகிறது. அதே நாளில் வங்கிகள் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைப்பதையும் ஆளுநர் அறிவித்தார். அது வெறுமனே 'படிப்படியாகக் குறைக்கப்படும்' என்று இல்லை. நான்கு தவணை, தவணைக்கு கால் சதவீதம், செப்டம்பர் 6, அக்டோபர் 4, நவம்பர் 1, நவம்பர் 29 என்று தேதி போட்டே வந்தது. ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் இருப்பவருக்கு அன்று தேவைப்பட்டது அந்த நான்கு தேதிகள்தான். விவாதம் வேண்டுமென்பவருக்கு அதுவும் கிடைக்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும்: கூட்டத்தின் பதினான்காம் நாளில் மினிட்ஸை வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கிச் சட்டமே சொல்கிறது. யார் என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்தத் தீர்மானத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஐந்து பேர் அரை சதவீதக் குறைப்புக்கு ஓட்டுப் போட்டார்கள், ஒருவர் கால் சதவீதம் போதும் என்றார். அந்த மாற்றுக் கருத்து முதல் நாள் அறிவிப்பிலேயே இருந்தது. நம் பனியன் கம்பெனிக் கடிதத்தில் இதற்கு இடம் உண்டா? பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் குவாலிட்டி பார்ப்பவர் "மறுசாயம் போட்டாலும் கடை விளக்கில் தேறாது, நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று தெளிவாகச் சொல்லியிருந்தால், அதை மறைத்து எழுதுவது முதலாளிக்குச் செய்யும் துரோகம். முதல் வரியின் கடைசியில் 'குவாலிட்டி உடன்படவில்லை' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் அவர் போன் செய்வார்.

மூன்று வரிக் கடிதம் மினிட்ஸுக்கு மாற்று இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. கம்பெனி இயக்குநர் குழுக் கூட்டமென்றால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி முப்பது நாளுக்குள் முறையான மினிட்ஸ் பதிவாக வேண்டும். மூன்று வரி மின்னஞ்சலைக் காட்டித் தப்பிக்க முடியாது. விபத்து, தொழிலாளர் மேல் ஒழுங்கு நடவடிக்கை, வழக்குக்குப் போகக்கூடிய தகராறு இவை பேசப்பட்ட கூட்டங்களுக்கும் இந்த வடிவம் ஆகாது. அங்கே யார் என்ன சொன்னார் என்பதே முடிவைவிட முக்கியமாகிவிடும். சாதாரண உற்பத்திக் கூட்டத்துக்குக்கூட ஒரு பக்கக் குறிப்பு கோப்பில் இருப்பது நல்லது. நான்கு மாதம் கழித்து பையர் நிறம் சரியில்லை என்று கிளெய்ம் போட்டால், அன்று எந்த விளக்கில் பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும். நாற்பது நிமிடத்தை விழுங்கிய அந்தச் சண்டை அப்போது பயன்படும். குறிப்பு கோப்பில் இருக்கட்டும், கடிதம் போனில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் மேலும் கீழுமாக ஒட்டி அனுப்புகிற பழக்கம் ஒன்று உண்டு. அது வேண்டாம். நீண்ட கடிதத்தைக் கண்டதும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று மூடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

யாருக்கு அனுப்புவது என்பதையும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இவ்வளவு சின்னக் கடிதம் சுலபமாகக் கைமாறும், ஃபார்வர்டு ஆகும். மூன்றாவது வரியில் இருக்கும் செலவுத் தகராறு சாயப்பட்டறைக்கோ பையரின் ஏஜென்டுக்கோ போகலாமா? போகக் கூடாதென்றால் வெளியாட்களுக்கு முதல் வரியையும் அவர்கள் பெயருள்ள பகுதியையும் மட்டும் தனிக் கடிதமாக அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவர்களில், வேலை யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் 'பெறுநர்' இடத்திலும், தெரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் நகல் இடத்திலும் இருந்தால், நகல் வாங்கியவர் தனக்கு வேலை எதுவும் இல்லை என்று நிம்மதியாகப் படித்துவிட்டு மூடுவார்.

கடிதம் சரியாக வந்திருக்கிறதா என்பதை வரும் பதில்களை வைத்தே சொல்லிவிடலாம். 'சரி' என்றோ, ஒன்றுமே இல்லாமலோ போனால் நல்லது. 'அப்போ கிரே எப்போ?', 'யார் பேசறது?', 'எந்த வெள்ளி?' என்று ஒரு கேள்வி வந்தால் அந்த வரி உடைந்திருக்கிறது. கேட்டவருக்கு மட்டும் பதில் போடாமல், எல்லோருக்கும் வரியைத் திருத்தி அனுப்ப வேண்டும், ஏனென்றால் அதே கேள்வி கேட்காமல் இருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் இருக்கும். இன்னொரு அடையாளம்: மூன்று வரியில் அடக்கவே முடியாமல் ஏழெட்டு வரி வருகிறது என்றால், பெரும்பாலும் அது எழுதுகிறவரின் குறை இல்லை. இரண்டு மூன்று தனித்தனிக் கூட்டங்களை ஒன்றாகக் கட்டி நடத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் தலைப்புக்கு ஒன்றாகத் தனித்தனிக் கடிதம் அனுப்புங்கள். மாறாக, வேலை வரிக்கு எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அடுத்த வாரம் அந்தக் கூட்டத்தை நடத்தாமலே இருந்து பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, இதுதான் அதிகம் மறக்கப்படுவது. தேதி மாறும். ஜூன் 10-ஆம் தேதி சாயப்பட்டறையில் பாய்லர் நின்று, துணி 13-ஆம் தேதிதான் வரும் என்று தகவல் வந்தால், பழைய கடிதம் அந்த நிமிடமே தவறான கடிதமாகிவிடுகிறது. ஆனால் பத்துப் பேர் போனில் அது இன்னும் இருக்கும், தேடினால் முதலில் அதுதான் வரும். அதே கடிதத்துக்குப் பதில் போட்டு அடியில் 'ஒரு சிறு மாற்றம்' என்று சொருகாதீர்கள். தலைப்பின் முதல் சொல்லாக 'மாற்றம்' என்று போட்டு, மூன்று வரியையும் புதிதாக முழுவதும் எழுதி, பழைய தேதியையும் புதிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்: 'துணி: ஜூன் 12 வியாழன் பகல் 12 அல்ல, ஜூன் 13 வெள்ளி மாலை 4, ஆகவே 3,000 பீஸ் தனியாகப் போகிறது.' ஷிப்பிங் பார்ப்பவருக்கு அதை அனுப்பிய பிறகு, ஒரு போனும் செய்துவிடுங்கள்.